விண்டோஸ் பேட்ச் ஏன் இரண்டாம் செவ்வாயில் வருகிறது, தள்ளிப்போட்டால் என்ன ஆகும்: சிறு அலுவலகத்துக்கான முழு வழிகாட்டி

விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அடைக்க மைக்ரோசாஃப்ட் தரும் திருத்தங்களான பாதுகாப்பு பேட்ச்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியாகின்றன. இந்திய நேரத்தில் அது இரவு 10.30. அங்கே குளிர்கால நேரம் நடக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை இரவு 11.30. ஆக, நம் ஊர் அலுவலகங்களுக்கு இது புதன்கிழமை காலை வேலை. கணினியைத் திறந்ததும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்கும் அந்தச் சின்ன அறிவிப்பைப் பெரும்பாலோர் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் பல வருடங்களாகச் சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த "அப்புறம்" எத்தனை நாள் வரை பரவாயில்லை, எதற்கு மேல் ஆபத்து என்பதை ஒரு கணக்காகவே போட முடியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேதி குறித்து வெளியிடுவது ஏன்

2003 அக்டோபருக்கு முன்பு இப்படி மாதாந்திர நாள் கிடையாது. ஒரு ஓட்டைக்குத் திருத்தம் தயாரானால் அது தனியாக வந்துவிடும். ஒரே மாதத்தில் நான்கைந்து தடவை வரலாம், வராமலும் போகலாம். நிறுவனங்களில் கணினிகளைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் சோதித்து, சர்வரை நிறுத்தி, திரும்ப ஏற்ற வேண்டும். இதற்கு யாரிடமும் நேரம் இல்லை, அதனால் பலர் போடாமலே விட்டார்கள். அந்த வருடம் அதன் விளைவு இரண்டு முறை தெரிந்தது. ஜனவரியில், கணினிக்குக் கணினி தானாகவே பரவும் ஸ்லாமர் என்ற புழு நிரல் உலகம் முழுவதும் இணையத்தைத் திணறடித்தது. அதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தது. அதற்கான பேட்ச் ஜூலை 16 அன்று வெளியானது, புழு ஆகஸ்ட் 11 அன்று கிளம்பியது. இடையில் 26 நாள்.

அதற்குப் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் மாதம் ஒரு நாள் என்று முடிவு செய்தது. செவ்வாய் என்பதில் ஒரு வசதி இருக்கிறது. திங்கட்கிழமை வாரத் தொடக்க வேலைகளைப் பார்த்துவிடலாம். பேட்ச் போட்டதில் ஏதாவது கோளாறு வந்தால் சனி, ஞாயிறு வருவதற்குள் சரிசெய்ய மூன்று நாள் கையில் இருக்கும். எல்லாத் திருத்தங்களும் ஒரே கட்டாக வருவதால் ஒரு சோதனை, ஒரு ரீஸ்டார்ட் போதும். இந்த வசதிக்காகவே அடோபியும் எஸ்ஏபியும் தங்கள் பேட்ச்களை அதே செவ்வாயில் வெளியிடுகின்றன. ஆரக்கிள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வெளியிடுகிறது. ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் ஒரு பாதுகாப்பு அறிக்கை வருகிறது.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலையும் உண்டு. தாக்குபவருக்கும் அதே நாட்காட்டிதான்.

பேட்ச் வந்த நாளில் என்ன தொடங்குகிறது

ஒரு ஓட்டை இருப்பது அதுவரை சிலருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பேட்ச் வெளியானதும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியவந்துவிடுகிறது. அறிவிப்பில் சொல்வதால் மட்டும் இல்லை. பேட்ச் என்பது மாற்றப்பட்ட ஒரு கோப்பு. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான செயற்கூறுகளில் எந்த நான்கைந்து மட்டும் மாறியிருக்கின்றன என்று அவை காட்டிவிடும். அங்கே புதிதாக ஒரு அளவுச் சரிபார்ப்பு சேர்ந்திருந்தால், நேற்று வரை அந்தச் சரிபார்ப்பு இல்லை என்று அர்த்தம். பேட்ச் போடாத கணினியில் இன்றும் இல்லை.

இதை உண்மையான ஒன்றில் பார்த்தால் புரியும். 2017 மார்ச் 14 அன்று வந்த MS17-010 என்ற பேட்ச், விண்டோஸில் கோப்புகளைப் பகிர உதவும் SMB என்ற வசதியில் இருந்த ஓட்டைகளை அடைத்தது. அவற்றில் முக்கியமான ஒன்று `srv.sys` என்ற கோப்பில் இருந்தது. வெளியிலிருந்து ஒரு பட்டியல் வரும், அதன் மொத்த நீளம் 32 பிட் எண்ணாகச் சொல்லப்பட்டிருக்கும். பட்டியலில் செல்லாத பகுதி இருந்தால் விண்டோஸ் அந்த நீளத்தைக் குறைத்து எழுத வேண்டும். ஆனால் புதிய எண்ணை எழுதும்போது கீழ்ப்பாதி 16 பிட்டை மட்டும் எழுதியது, மேல்பாதியில் பழைய எண்ணே தங்கிவிட்டது. அதனால் குறைய வேண்டிய நீளம் பெரிதாகிவிடும். நினைவகத்தில் ஒதுக்கிய இடம் சின்னது, அதில் கொட்டப்படும் தரவு பெரியது. மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, தாக்குபவர் அனுப்பிய கட்டளைகளை விண்டோஸின் மையப்பகுதியே இயக்கும் நிலை வந்தது. பாஸ்வேர்டு வேண்டாம், யாரும் எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம்.

59 நாள்

இந்த ஓட்டையின் நாட்காட்டியைப் பார்த்தாலே தள்ளிப்போடுவதன் விலை தெரிந்துவிடும்.

2017 பிப்ரவரி மாதத்துக்கான பேட்ச்களைக் கடைசி நேரச் சிக்கல் என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் மார்ச்சுக்குத் தள்ளியது. மார்ச் 14 அன்று பேட்ச் வந்தது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல், அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ உருவாக்கியதாகக் கருதப்படும் கருவிகளை இணையத்தில் போட்டது. அதில் ஒன்றான எடர்னல்புளூ இதே ஓட்டையைப் பயன்படுத்துவது. இந்த முறை யாரும் பேட்சைப் பிரித்து ஆராய வேண்டிய அவசியமே இல்லாமல் தயாரான ஆயுதம் பொதுவெளிக்கு வந்துவிட்டது. மே 12, வெள்ளிக்கிழமை, அதை வைத்து வான்னாக்ரை என்ற புழு கிளம்பியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது.

மார்ச் 14-லிருந்து மே 12 வரை 59 நாள். இடையில் ஏப்ரல், மே மாதச் செவ்வாய்களும் வந்து போய்விட்டன. விண்டோஸ் அப்டேட் மொத்தமாகச் சேர்த்துத் தரும் வகை என்பதால், ஏப்ரல் மாதக் கட்டைப் போட்டிருந்தாலும் மார்ச் மாதத் திருத்தம் சேர்ந்தே வந்திருக்கும். அதாவது மூன்று வாய்ப்புகள். பிரிட்டனின் என்ஹெச்எஸ் மருத்துவமனைகளுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை போயிருந்தது. அப்படியிருந்தும் இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின.

பழியெல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி மேல் போடப்பட்டது. உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்குப் பாதுகாப்பு ஆதரவு இருந்தது, பேட்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இதுதான்.

மே 12-க்குப் பிறகாவது எல்லோரும் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஜூன் 27 அன்று, பேட்ச் வந்து 105-வது நாள், நாட்பெட்யா என்ற இன்னொரு புழு வந்தது. அது எடர்னல்புளூவோடு இன்னொரு வழியையும் சேர்த்துக்கொண்டது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அதன் நினைவகத்தில் கிடைக்கும் பாஸ்வேர்டுகளைத் திருடி, பேட்ச் போட்ட கணினிகளுக்குள்ளும் அவற்றை வைத்து நுழைந்தது. ஒரே ஒரு கணினியை விட்டுவைப்பதன் ஆபத்து இதில் இருக்கிறது. இருபதில் பத்தொன்பது பேட்ச் போட்டாயிற்று, 95 சதவீதம் பாதுகாப்பு என்று கணக்குப் போட முடியாது. அந்த ஒரு கணினியில் டேலி டேட்டா இருக்கும் சர்வர் ஃபோல்டர் டிரைவாக இணைக்கப்பட்டிருந்தால், சர்வரில் பேட்ச் இருந்தும் பயனில்லை. அந்தக் கணினியிலிருந்தே, அதற்குரிய அனுமதியோடே, சர்வர் கோப்புகள் பூட்டப்பட்டுவிடும்.

ஒரு மாதத்தை எப்படித் திட்டமிடுவது

20 விண்டோஸ் 11 கணினிகள், ஒரு சர்வர் உள்ள கணக்கு அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கே பேட்ச் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஜிஎஸ்டி. இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவே வரும். ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20. முதல் வாரத்தில் "பதினொன்று முடியட்டும்" என்பார்கள், அப்புறம் "இருபது முடியட்டும்" என்பார்கள், பிறகு மாதக்கடைசி வந்துவிடும். அடுத்த செவ்வாயும் வந்துவிடும். அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது, அதனால் அதைத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும்.

2025 செப்டம்பரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். இரண்டாவது செவ்வாய் 9-ஆம் தேதி.

முதல் படி, 10-ஆம் தேதி புதன் காலை. `msrc.microsoft.com/update-guide` பக்கத்தைத் திறந்து அந்த மாதப் பட்டியலைப் பாருங்கள். நூறு வரிகள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்படுகிறது என்று எந்த ஓட்டைக்காவது `Exploited` என்ற இடத்தில் `Yes` இருக்கிறதா, அது உங்களிடம் உள்ள விண்டோஸைப் பற்றியதா. இருந்தால் கீழே சொல்லும் நாட்கணக்கு பொருந்தாது. இரண்டு நாளுக்குள் எல்லாக் கணினியிலும் போட்டுவிடுங்கள், 11-ஆம் தேதியானாலும் சரி.

இரண்டாம் படி, அதே புதன்கிழமை. இரண்டு கணினிகளில் மட்டும் போடுங்கள். எந்த இரண்டு என்பது முக்கியம். யாரும் பயன்படுத்தாத மூலைக் கணினியில் சோதித்தால் எதுவும் தெரியாது. டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பிரிண்டர் மூன்றும் தினமும் ஓடும் கணினி ஒன்று, வேறு பிரிண்டரோடு இணைந்த இன்னொன்று. போட்டபின் ஒரு பில் பிரிண்ட் எடுங்கள், டோக்கனைச் செருகி போர்ட்டலில் கையெழுத்து விழுகிறதா என்று பாருங்கள், சர்வர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நம் அலுவலகங்களில் பேட்சால் உடையும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

மூன்றாம் படி, 12-ஆம் தேதி வெள்ளி. ஜிஎஸ்டிஆர்-1 முடிந்துவிட்டது, சோதனைக் கணினிகள் இரண்டு நாள் ஓடிவிட்டன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீதி 18 கணினிகள்.

நான்காம் படி, 13-ஆம் தேதி சனி மாலை, சர்வர். முதலில் டேலி டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால் அதுவும் சர்வரின் ஒரு டிரைவ்தான், அதுவும் பூட்டப்படும். பிறகு பேட்ச், ரீஸ்டார்ட். ஞாயிறு ஒரு நாள் கையில் இருக்கிறது.

ஐந்தாம் படி, 16-ஆம் தேதி செவ்வாய். விடுப்பில் இருந்தவர், வெளியே ஆடிட்டுக்கு லேப்டாப் எடுத்துப்போனவர் என்று விட்டுப்போன கணினிகளைப் பிடிக்கும் நாள். ஏழு நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது என் கட்டாய வரம்பு. 20-ஆம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் பாக்கி இருக்கும்.

விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் இதில் பாதியைத் தானாகவே நடக்கவைக்கலாம். `gpedit.msc` திறந்து, விண்டோஸ் அப்டேட் பகுதியில் `Select when Quality Updates are received` என்பதில் 18 கணினிகளுக்கும் 3 என்று கொடுங்கள், சோதனைக் கணினிகளுக்கு 0. அதோடு `Specify deadlines for automatic updates and restarts` என்பதையும் அமைத்துவிடுங்கள். கெடு முடிந்தால் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஹோம் பதிப்பில் `gpedit.msc` கிடையாது, கையால்தான் செய்ய வேண்டும். `Pause updates` பட்டனைப் பயன்படுத்துபவர்களை நான் தடுப்பதில்லை, ஒரு வாரம் மட்டும் கொடுங்கள். அது ஐந்து வாரம் வரை அனுமதிக்கும், அதற்குள் அடுத்த மாதக் கட்டும் வந்து நின்றுவிடும்.

போட்டாயிற்று என்று எப்படி உறுதி செய்வது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேட்ச் இறங்கியிருக்கும், ரீஸ்டார்ட் ஆகியிருக்காது. இயங்கிக்கொண்டிருக்கும் கோப்பை விண்டோஸ் அப்போதே மாற்ற முடியாது. புதிய கோப்பு டிஸ்கில் காத்திருக்கும், நினைவகத்தில் ஓடுவது ஓட்டை உள்ள பழையதுதான்.

"தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்துதானே போகிறோம்" என்று கேட்பார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், சாதாரண ஷட்டவுனில் மையப்பகுதி முழுவதுமாக மூடப்படுவதில்லை. அதன் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படும். ஆகவே `Update and restart` என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறதா என்று பவர்ஷெல்லில் பார்க்கலாம்:

```powershell
$k = 'HKLM:\SOFTWARE\Microsoft\Windows\CurrentVersion\WindowsUpdate\Auto Update\RebootRequired'
Test-Path $k
```

`True` என்று வந்தால் வேலை இன்னும் முடியவில்லை. `False` வந்தால் அடுத்து, கடைசியாகப் போடப்பட்டவற்றைப் பாருங்கள்:

```powershell
Get-HotFix | Sort-Object InstalledOn -Descending | Select-Object -First 5
```

இதில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பேட்சையும் அடையாளம் காட்டுவது அதன் KB எண். பழைய மாதத்து KB எண் ஒன்று பட்டியலில் இல்லை என்பதால் அந்தத் திருத்தம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். வான்னாக்ரை சமயத்தில் விண்டோஸ் 7-இல் KB4012212 இருக்கிறதா என்று பலரும் தேடினார்கள். மாதக் கட்டாக வாங்கியவர்களிடம் அது KB4012215 என்ற எண்ணில் இருந்தது, ஏப்ரல் கட்டைப் போட்டவர்களிடம் வேறு எண்ணில் இருந்தது. நம்பகமான வழி `winver` என்று தட்டிப் பார்ப்பது. `26100` போன்ற ஒரு எண்ணும், அதற்குப் பின் புள்ளி வைத்து இன்னொரு எண்ணும் வரும். புள்ளிக்குப் பின்னால் உள்ளது மாதாமாதம் கூடும். ஒரே பதிப்பு விண்டோஸ் உள்ள 20 கணினிகளிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். எது குறைவாக இருக்கிறதோ அதில் பேட்ச் நிற்கிறது. பெரும்பாலும் C டிரைவில் இடமில்லாததுதான் காரணமாக இருக்கும்.

பேட்சே கோளாறானால்

இந்தப் பயம் வீண் இல்லை. 2022 ஜனவரி 11 அன்று வந்த சர்வர் பேட்ச்களால் பல நிறுவனங்களில் பயனர்களின் உள்நுழைவைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் திரும்பத் திரும்பத் தானாக ரீஸ்டார்ட் ஆகின. ஜனவரி 17 அன்று மைக்ரோசாஃப்ட் வழக்கத்துக்கு வெளியே அவசரத் திருத்தம் விட்டது. ஆனால் இதிலும் நாட்களைக் கவனியுங்கள். பிரச்சினை வெளியே தெரிய ஓரிரு நாள், சரிசெய்யப்பட ஆறு நாள். புதன் சோதனை, சனிக்கிழமை சர்வர் என்று போனவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் சர்வரைத் தொட்டிருப்பார். மோசமான பேட்சிலிருந்து தப்பிக்கச் சில நாள் காத்திருந்தால் போதும். இரண்டு மாதம் காத்திருப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒரு கணினியில் சிக்கல் வந்துவிட்டால் `Settings` > `Windows Update` > `Update history` > `Uninstall updates` வழியாக அந்தக் கணினியில் மட்டும் நீக்குங்கள். மற்றவற்றில் நிறுத்திவைக்க வேண்டாம்.

பேட்சே வராத கணினிகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேராத விண்டோஸ் 10 கணினிக்கு இனி செவ்வாய் என்று ஒன்று இல்லை. விண்டோஸ் 11-க்கு வரும் பேட்சை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, அதே ஓட்டை பத்திலும் இருக்க வாய்ப்புண்டு என்பது தெரியும். அங்கே அது அடைபடப் போவதே இல்லை.

அப்படி ஒரு கணினியை மாற்ற முடியாத நிலை என்றால், சர்வர் ஃபோல்டரை அதில் டிரைவாக இணைக்காதீர்கள். ரவுட்டரில் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். SMB பயன்படுத்தும் 445 போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்கக் கூடாது, இது எல்லாக் கணினிக்கும் பொருந்தும். பழைய SMB பதிப்பையும் அணைத்துவிடுங்கள், பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

```powershell
Get-SmbServerConfiguration | Select-Object EnableSMB1Protocol
Set-SmbServerConfiguration -EnableSMB1Protocol $false
```

அணைத்த மறுநாள் யாராவது "ஸ்கேன் ஃபோல்டருக்கு வரவில்லை" என்று சொன்னால், பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று அந்தப் பதிப்பில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அதற்காக மறுபடி இயக்கிவிடாதீர்கள். மெஷினின் அமைப்பில் SMB2 இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிக்கொள்ளலாம்.